எட்டு வயது விதியும் ஆஸ்துமா விதியும்

1997இல், கல்லூரி கடைசி வருடம். மதுரையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் மூன்று வாரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள அல்ல. கடைக்காரரின் தலையில் இருப்பதை எடுத்து கம்ப்யூட்டருக்குள் வைப்பதற்கு. அதற்கு அப்போது 'எக்ஸ்பர்ட் சிஸ்டம்' என்று பெயர், நிபுணர் அமைப்பு. செயற்கை நுண்ணறிவு பாடத்தில் பாதி அதுதான். மீதிப் பாதியில், எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கிற நியூரல் நெட்வொர்க்குக்கு ஒரே ஒரு அத்தியாயம் இருந்தது, அதையும் வாத்தியார் "பரீட்சைக்கு வராது" என்று தள்ளிவிட்டார்.

நான் கேட்பேன், அண்ணன் சொல்வார், நான் புரோலாக் மொழியில் எழுதிக்கொள்வேன். திரையில் படம் இல்லாமல் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, சத்தம் மட்டும் ஒழுங்காக வருகிறது என்றால் வெர்ட்டிகல் ஐ.சி. போயிருக்கிறது. படத்தை மேலும் கீழும் விரிக்கிற சுற்று வேலை செய்யவில்லை, அதனால்தான் எல்லாம் ஒரு கோட்டில் குவிகிறது. எழுதினால் இவ்வளவுதான்:

```prolog
fault(vertical_ic) :-
    raster(single_line),
    sound(ok).
```

இப்படி நாற்பத்துச் சொச்சம் விதிகள் சேர்ந்தன. மூன்றாவது வாரம் ஒருவர் அதே ஒற்றைக் கோட்டுப் பழுதோடு ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். என் புரோகிராம் ஐ.சி.யை மாற்றச் சொன்னது. அண்ணன் பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். கோடு ஒரு நொடி விரிந்து படமாகி மறுபடி சுருங்கியது. "டிரை சோல்டர்" என்றார். ஐ.சி. நன்றாகத்தான் இருக்கிறது, அதன் காலில் இருக்கிற ஈயப்பற்று விட்டுப்போயிருக்கிறது. பத்து நிமிட வேலை.

"அண்ணே, தட்டிப் பாக்கணும்னு நீங்க மூணு வாரமா சொல்லவே இல்லையே?"

"அதுல சொல்றதுக்கு என்ன தம்பி இருக்கு? தட்டிப் பாக்காம யாராவது கழட்டுவாங்களா?"

ப்ராஜெக்ட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. ஆனால் அந்தப் பதில் என்னை விடவில்லை. இப்போது ஒரு மருத்துவமனை மென்பொருளில் மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிற பகுதியை எழுதிப் பிழைக்கிறேன். விதிகளா, தானே கற்கிற மாடல்களா, இரண்டும் கலந்த ஹைப்ரிடா என்ற பேச்சு அலுவலகத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடும். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த இரண்டு தட்டு ஞாபகம் வரும். இந்த விவாதத்தை நான் இரண்டு விதிகளை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். இரண்டும் ஒரே வரி. ஒன்றை மருத்துவர்கள் எழுதினார்கள், மற்றதை இயந்திரம் கண்டுபிடித்தது.

முதல் விதி வாழ்ந்த இடம் மைசின். 1970களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் தன் முனைவர் பட்டத்துக்காக எழுதத் தொடங்கிய நிபுணர் அமைப்பு. கணினிப் பக்கம் புரூஸ் புக்கனனும் மருத்துவப் பக்கம் ஸ்டான்லி கோஹனும் துணை நின்றார்கள். நோயாளியின் ரத்தத்தில் கிருமி புகுந்திருக்கிறது, எந்தக் கிருமி என்று கல்ச்சர் பரிசோதனை முடிவு வர ஓரிரு நாளாகும், அதுவரை சும்மா இருக்க முடியாது, என்ன ஆன்டிபயாடிக் கொடுப்பது என்பதுதான் அது எடுத்துக்கொண்ட கேள்வி. பிறகு மூளைக்காய்ச்சலையும் சேர்த்துக்கொண்டார்கள். விதிகள் கடைசியில் ஐந்நூறு வாக்கில் வந்தன.

ஒரு விதி இப்படி இருக்கும்: கிருமி கிராம்-நெகட்டிவ், வடிவம் கோல் போன்றது, நோயாளி எதிர்ப்புச் சக்தி குன்றியவர் என்றால், அது சூடோமோனாஸ் என்பதற்கு 0.6 அளவுக்குச் சான்று உண்டு. மைசின் இந்த விதிகளைப் பின்னாலிருந்து முன்னால் படித்தது. 'கிருமி எது?' என்ற கேள்வியில் தொடங்கும். அந்தக் கேள்விக்குப் பதில் தருகிற விதிகளைத் தேடும். அந்த விதியின் நிபந்தனைகள் தெரியுமா என்று பார்க்கும். தெரியாவிட்டால் அதைத் தீர்மானிக்கிற வேறு விதியைத் தேடும். அதுவும் இல்லாதபோதுதான் மருத்துவரிடம் கேட்கும். என் டிவி புரோகிராமும் இதே முறைதான், புரோலாக் இயல்பாகவே அப்படித்தான் ஓடும்.

அந்த 0.6 நிகழ்தகவு இல்லை. சான்றின் பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், −1 முதல் +1 வரை. ஒரு விதி 0.6 என்கிறது, இன்னொரு விதி அதே கிருமிக்கு 0.4 என்கிறது. கூட்டினால் 1 ஆகி முழு உறுதி என்றாகிவிடும், அது தப்பு. அதனால் மீதமிருக்கிற சந்தேகத்தில் மட்டும் இரண்டாவது சான்று வெட்டும்:

```
0.6 + 0.4 × (1 − 0.6) = 0.76
```

எந்த விதி முதலில் வந்தாலும் விடை ஒன்றுதான், எத்தனை சான்று சேர்ந்தாலும் 1ஐத் தாண்டாது. அழகான ஏற்பாடு. ஓட்டை எங்கே என்றால், இரண்டு சான்றும் ஒன்றையொன்று சாராதவை என்று இது நம்பிக்கொள்கிறது. ஒரே விஷயத்தை இரண்டு விதி இரண்டு வார்த்தையில் சொன்னால் அது இருமுறை எண்ணப்பட்டுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சொன்னதே இரண்டு வதந்தியாகத் திரும்பி வருவது மாதிரி.

இத்தனை முரட்டு எண்களோடும் மைசின் நன்றாக வேலை செய்தது. 1979இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த சோதனையில் பத்து மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரங்களை மைசினுக்கும், ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய்ப் பேராசிரியர்களுக்கும், பயிற்சி மருத்துவருக்கும், ஒரு மாணவருக்கும் கொடுத்தார்கள். எந்தச் சீட்டை யார் எழுதியது என்று சொல்லாமல் வெளியிலிருந்து எட்டு நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மைசினின் பரிந்துரைகளுக்கு 65% ஏற்பு கிடைத்தது. பேராசிரியர்களில் மிகச் சிறந்தவருக்கு 62.5%. மாணவருக்கு 30%. சிறந்த பேராசிரியருக்கே அறுபத்துச் சொச்சம்தான் என்பதைக் கவனியுங்கள். நிபுணர்களே ஒருவரையொருவர் அவ்வளவாக ஏற்றுக்கொள்வதில்லை. அப்படியானால் யாருடைய தலையிலிருந்து விதி எடுப்பது என்ற கேள்வியை அந்தச் சோதனை சத்தமில்லாமல் எழுப்பிவிட்டுப் போனது.

ஆனாலும் மைசின் எந்த வார்டிலும் அன்றாட வேலைக்குப் போகவில்லை. ஒரு நோயாளிக்கு அரைமணி வாக்கில் உட்கார்ந்து கேள்விகளுக்கு டைப் செய்து பதில் சொல்ல எந்த டாக்டருக்கு நேரம் இருக்கிறது? ரத்தப் பரிசோதனை முடிவு தானாக வந்து சேர அன்றைய மருத்துவமனைகளில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வசதி இல்லை. அறிவில் குறை இல்லை, அறிவு வந்து சேர வழி இல்லை.

மைசினில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அது ஏதாவது கேட்கும்போது நீங்கள் பதிலுக்கு `WHY` என்று தட்டலாம். எந்த விதியை முடிக்க இந்தக் கேள்வியைக் கேட்கிறேன் என்று அந்த விதியையே காட்டும். விடை வந்த பிறகு `HOW` என்று கேட்டால் எந்த விதிகள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லும். இன்றைக்கு 'விளக்கக்கூடிய ஏ.ஐ.' என்று மாநாடு போட்டுத் தேடுகிற விஷயம் அது, ஐம்பது வருடத்துக்கு முன்பே இருந்தது என்று பழைய ஆட்கள் பெருமூச்சு விடுவார்கள். நானும் விட்டிருக்கிறேன். வில்லியம் கிளான்சியைப் படிக்கும் வரை.

கிளான்சி மைசினை வைத்து மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் பார்த்தவர். ஐந்நூறு விதி இருக்கிறது, ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிச் சொல்லித்தரலாமே என்று தொடங்கினார். நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று 1983இல் அவர் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எனக்குத் தெரிந்தவற்றில் மிக நேர்மையானது.

அவர் காட்டுகிற ஒரு விதியில், மற்ற நிபந்தனைகளோடு, நோயாளியின் வயது 17க்கு மேல் என்றும், நோயாளி குடிப்பழக்கம் உள்ளவர் என்றும் அடுத்தடுத்து இரண்டு வரி. வயதுக்கும் கிருமிக்கும் அங்கே என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. நிபந்தனைகளை மைசின் வரிசையாகச் சோதிக்கும், வயது வரியில் தோற்றுவிட்டால் அடுத்ததற்குப் போகாது. ஆக, கைக்குழந்தையைக் கொண்டு வந்தவரிடம் 'நோயாளி குடிப்பாரா?' என்று கேட்டு மானம் போகாமல் இருக்க யாரோ அந்த வரியை மேலே செருகியிருக்கிறார்கள். சின்னக் குழந்தை குடிக்காது என்ற ஊரறிந்த விஷயம் விதியில் எங்கும் எழுதப்படவில்லை, இரண்டு வரியின் வரிசையில் ஒளிந்திருக்கிறது. தட்டிப் பார்க்காமல் யாராவது கழற்றுவாங்களா?

இனி, நான் சொன்ன முதல் விதி: நோயாளிக்கு எட்டு வயதுக்குக் கீழ் என்றால் டெட்ராசைக்ளின் கொடுக்காதே.

அவ்வளவுதான். `WHY` என்று தட்டினால் இதே விதியைத் திரும்பக் காட்டும். ஏன் எட்டு? கொடுத்தால் என்ன ஆகும்? மைசினுக்குத் தெரியாது. விதியை எழுதிய மருத்துவருக்குத் தெரியும்: அந்த மருந்து கால்சியத்தோடு பிணைந்து, வளர்கிற எலும்பிலும் முளைக்கிற பல்லிலும் படிகிறது, பல் நிரந்தரமாகப் பழுப்பாகிவிடுகிறது, அதனால் வேண்டாம். இந்த நான்கு படிச் சங்கிலியில் முதலையும் கடைசியையும் மட்டும் வைத்துக்கொண்டு நடுவிலிருந்ததை வெட்டி எறிந்ததுதான் அந்த விதி. மைசின் ஓடுவதற்கு நடுப்படிகள் தேவையே இல்லை. அதனால்தான் யாரும் எழுதவில்லை.

எப்போது தேவை? விதியை மீற வேண்டியபோது. உயிரா பல்லா என்று நிற்கிற நிலையில் பல் போகட்டும் என்று எந்த டாக்டரும் சொல்வார். காரணம் தெரிந்தவருக்கு அது ஒரு எடைபோடல், விதி மட்டும் தெரிந்தவருக்கு அது குற்றம். நம் ஊரில் இது ஏட்டுக் கேள்வி இல்லை. தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு முதன்மையான மருந்துகளில் ஒன்று டாக்சிசைக்ளின், டெட்ராசைக்ளின் குடும்பம். அது மற்றவற்றைவிடக் கால்சியத்தோடு குறைவாகவே பிணைகிறது, குறுகிய காலம் கொடுத்தால் சின்னக் குழந்தைகளின் பல்லுக்கும் கவலைப்பட வேண்டியதில்லை என்று இப்போது மருத்துவ வழிகாட்டல்களே சொல்கின்றன. கால்சியப் பிணைப்புதான் காரணம் என்று பக்கத்தில் எழுதியிருந்தால் இந்த விதியை எப்போது தளர்த்தலாம் என்பது அதிலிருந்தே தெரிந்திருக்கும். எழுதாததால் அது கல்வெட்டாகிவிட்டது.

விதிகள் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு அமைப்பு சாட்சி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.இ.சி. கம்பெனி தன் வாக்ஸ் கணினிகளுக்கு எந்தப் பெட்டியோடு எந்த கேபிள், எந்த கேபினெட் என்று கோக்க எக்ஸ்கான் என்ற அமைப்பை 1980 முதல் ஓட்டியது. எழுநூறு சொச்சம் விதியில் தொடங்கி பல ஆயிரமாக வளர்ந்தது. கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் மிச்சமும் பிடித்துக் கொடுத்தது. ஆனால் புதுப் பொருள் வரவர ஒவ்வொரு வருடமும் விதிகளில் ஏறக்குறைய பாதியைத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு விதியைத் தொட்டால் எங்கே என்ன உடையும் என்று சொல்ல ஆள் வேண்டும், அந்த ஆள் வேலை மாறிப்போயிருப்பார்.

சரி, மனிதன் எழுதினால் இத்தனை தொல்லை, பேசாமல் இயந்திரமே பதிவேடுகளைப் படித்துக் கற்றுக்கொள்ளட்டும். இங்கேதான் இரண்டாவது விதி வருகிறது.

1990களின் நடுவில் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நிமோனியா நோயாளிகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டன. 14,199 பேர். யார் இறக்கும் ஆபத்து அதிகம், யாரை அட்மிட் செய்ய வேண்டும், யாரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று கணிக்கிற மாடல் வேண்டும். ரிச் கருவானா அப்போது ஆராய்ச்சி மாணவர், அவர் பயிற்றுவித்த நியூரல் நெட்வொர்க்தான் முதலிடம். யாருக்கு ஆபத்து அதிகம் என்று வரிசைப்படுத்துவதில் அதற்கு 0.86, லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற பழைய புள்ளியியல் முறைக்கு 0.77. குருட்டாம்போக்கில் சொன்னால் 0.5 வரும், தப்பே இல்லாவிட்டால் 1. அந்த இடைவெளி பெரியது.

அதே தரவில் இன்னொருவர் விதிகளைத் தானே கற்கிற ஒரு முறையை ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு விதி வந்து விழுந்தது: நோயாளிக்கு ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு.

மருத்துவர்களிடம் காட்டினார்கள். நிமோனியாவோடு ஆஸ்துமாவும் இருப்பவர் நிஜத்தில் அதிக ஆபத்தில் இருப்பவர். பிறகு ஏன் தரவு இப்படிச் சொல்கிறது? ஆஸ்துமாக்காரர்கள் மூச்சு கொஞ்சம் வாங்கினாலே ஓடி வந்துவிடுகிறார்கள். மருத்துவமனையும் அவர்களை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறது. அந்தக் கவனிப்பால் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பிழைத்துக்கொண்டார்கள். தரவு பொய் சொல்லவில்லை. நடந்தது அதுதான். ஆனால் அந்த முடிவை வைத்து 'ஆபத்து குறைவு, வீட்டுக்குப் போகலாம்' என்று சொன்னால், அவர்களைக் காப்பாற்றியதே எதுவோ அதையே பிடுங்கிவிடுகிறோம்.

இதில் முக்கியமானது, நியூரல் நெட்வொர்க்கும் இதையே கற்றிருக்கும் என்பது. அதே தரவுதானே. அதற்குள் போய்ப் பார்க்க வழி இல்லை. பக்கத்து மேசையில் விதி எழுதுகிற முறை ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால் தெரியவந்தது, இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. துல்லியத்தை அளந்து இதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் சோதனைக்கு ஒதுக்கி வைத்த நோயாளிகளும் அதே மருத்துவமனைகளில் அதே கவனிப்பைப் பெற்றவர்கள்தான். தப்பான பாடத்துக்குத்தான் அங்கே கூடுதல் மார்க். கருவானா தன் 0.86ஐ ஓரமாக வைக்கச் சொன்னார். ஆஸ்துமாவைச் சரிசெய்துவிடலாம், எனக்குத் தெரியாத அடுத்த ஆஸ்துமா உள்ளே எத்தனை என்பதுதான் பயம் என்பது அவர் வாதம். நோயாளிகளுக்குப் பயன்படுத்த 0.77தான் தேர்வானது.

இப்போது இரண்டு விதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு வயதுக்குக் கீழ் என்றால் டெட்ராசைக்ளின் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு. எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஒன்று சரியானது, மற்றது ஆளைக் கொல்லும். அந்த வித்தியாசம் விதிக்குள்ளே இல்லை, இரண்டிலும் வெட்டி எறியப்பட்ட நடுப்படிகளில் இருக்கிறது. பழைய ஏ.ஐ. வெளிப்படையானது, புதியது கறுப்புப் பெட்டி என்று சுலபமாகப் பிரிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான். ஆஸ்துமா விதி முழுக்க வெளிப்படையாகத்தான் இருந்தது. அதைத் தப்பு என்று சொல்ல வார்டு தெரிந்த ஒரு டாக்டர் வேண்டியிருந்தது.

வெளிப்படையாக இருப்பதன் லாபம் அங்கேதான்: டாக்டர் பார்க்க முடிந்தது, விரலை வைத்துக் காட்ட முடிந்தது. கருவானா இருபது வருடம் கழித்து, 2015இல், இதே தரவுக்குத் திரும்பி வந்தார். இந்த முறை ஒவ்வொரு காரணிக்கும் ஆபத்து எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு வரைபடம் தருகிற மாடல். வயதுக்கு ஒரு படம், ரத்த அழுத்தத்துக்கு ஒரு படம், ஆஸ்துமாவுக்கு ஒரு படம், அப்புறம் சில ஜோடிகளுக்கும். எல்லாம் தரவிலிருந்து கற்றவை, கூட்டினால் மொத்த ஆபத்து. துல்லியமும் பெரிய மாடல்களுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆஸ்துமா மறுபடியும் முளைத்தது. நெஞ்சுவலி இருந்தால் ஆபத்து குறைவு, இதயநோய் இருந்தவருக்கு ஆபத்து குறைவு என்றும் கூடவே வந்தன. நெட்வொர்க்குக்குள் ஒளிந்திருக்குமோ என்று அவர் பயந்த அடுத்த ஆஸ்துமாக்கள் இவைதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை யாரும் வரிசையில் நிற்க வைப்பதில்லையே.

இங்கே ஒரு நுணுக்கம். ஆஸ்துமா என்ற தகவலையே தரவிலிருந்து நீக்கிவிட்டால் என்ன என்று தோன்றும், எனக்கும் முதலில் தோன்றியது. நீக்கினால் அந்தத் தப்பு போகாது. ஆஸ்துமாவோடு சேர்ந்து வருகிற வேறு அறிகுறிகளுக்குள் பரவி ஒளிந்துகொள்ளும். அதனால் ஆஸ்துமாவை உள்ளே வைத்தே பயிற்றுவித்து, தப்பெல்லாம் அந்த ஒரே வரைபடத்தில் வந்து சேர விட்டு, பிறகு மருத்துவர் அந்த வரைபடத்தை மட்டும் கையால் திருத்துவதே உசிதம். கற்றது இயந்திரம், திருத்துவது மனிதனின் விதி. ஹைப்ரிட் என்ற சொல்லை இதற்கு யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. எனக்கு இதுதான் மிகத் தெளிவான ஹைப்ரிட்.

அந்தப் பெயரில் புகழ் பெற்றவை வேறு ரகம். 2024 தொடக்கத்தில் வந்த, வடிவியல் கணக்கு போடுகிற ஆல்ஃபா ஜியோமெட்ரியை எடுத்துக்கொள்ளலாம். நாம் ஒன்பதாவதில் படித்த கணக்கு: ABC முக்கோணத்தில் AB = AC என்றால் B கோணமும் C கோணமும் சமம் என்று நிறுவு. விதிகளை மட்டும் வைத்திருக்கிற ஒரு இயந்திரம், தெரிந்ததிலிருந்து பெறக்கூடியதையெல்லாம் பெற்றுவிட்டு, போதாமல் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். யாராவது BC-யின் நடுவில் D என்று ஒரு புள்ளி வைத்தால் போதும்: இரண்டு சர்வசம முக்கோணம், முடிந்தது. அந்தப் புள்ளியை வைக்கத்தான் விதி கிடையாது. வைக்கக்கூடிய இடம் கணக்கில்லாமல் இருக்கிறது. ஆல்ஃபா ஜியோமெட்ரியில் நியூரல் நெட்வொர்க் செய்வது அதை மட்டும்தான். 'இங்கே ஒரு புள்ளி வைத்துப் பாரேன்' என்று சொல்லும். விதி இயந்திரம் அதை வைத்துக்கொண்டு மறுபடி ஓடும். முடியவில்லை என்றால் இன்னொரு புள்ளி. ஒலிம்பியாட் கணக்குகள் முப்பதில் விதி இயந்திரம் தனியாக 14 போட்டது, புள்ளி வைக்கிற ஆள் சேர்ந்ததும் 25.

இது ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது? நெட்வொர்க் உளறினாலும் நஷ்டம் நேரம் மட்டும்தான். நிரூபணத்தில் ஒவ்வொரு படியையும் விதி இயந்திரம் சரிபார்க்கிறது, தப்பான விடை வெளியே வரவே முடியாது. வடிவியலில் D என்ற புள்ளி உலகுக்கும் புத்தகத்துக்கும் ஒன்றேதான்.

வார்டில் அப்படி இல்லை. என் வேலையில் ஹைப்ரிட் என்றால் பொதுவாக இந்த வடிவம்: மருத்துவர் எழுதின குறிப்பை ஒரு கற்ற மாடல் படிக்கும், நோயாளியின் வயது, நோய், ஒவ்வாமை என்று உண்மைகளாகப் பிரித்துக் கொடுக்கும், அவற்றின்மேல் விதிகள் ஓடி 'இந்த மருந்து வேண்டாம்' என்று எச்சரிக்கும். மைசினுக்கு அரைமணி டைப் செய்ய வேண்டியிருந்த சிக்கல் இதில் தீர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் விதிகள் சுத்தமாக இருக்கின்றன, இந்தப் பக்கம் மாடல் திறமையாக இருக்கிறது. தொல்லையெல்லாம் இரண்டும் சேருகிற தையலில்.

'பென்சிலின் ஒவ்வாமை இருந்ததாகத் தெரியவில்லை' என்று ஒரு குறிப்பு. அதிலிருந்து 'பென்சிலின் ஒவ்வாமை' என்ற உண்மை மட்டும் பிரிந்து வந்துவிட்டால், விதி தன் கடமையைத் துல்லியமாகச் செய்து நல்ல மருந்தைத் தடுத்துவிடும். மறுப்பைக் கண்டுபிடிப்பதற்கென்றே 2001இல் வந்த நெகெக்ஸ் என்ற சின்ன நிரல் ஆங்கிலக் குறிப்புகளில் 'இல்லை', 'மறுக்கிறார்' மாதிரிச் சொற்களின் பட்டியலை வைத்துக்கொண்டே வேலை செய்தது. அதுவும் விதிதான், வேடிக்கை. இப்போதைய மாடல்கள் அதைவிட நன்றாகப் படிக்கின்றன. ஆனால் 'அம்மாவுக்கு ஒவ்வாமை உண்டு' என்பதை நோயாளியின் கணக்கில் எழுதிவிடுகிற சம்பவம் எங்கள் சோதனையில் வந்தது. பிழை தப்பான உண்மையில்கூட இல்லை, அது உண்மையாக மாறும்போது சந்தேகம் தொலைந்துபோவதில்தான் இருக்கிறது. மாடல் உள்ளுக்குள் 0.7 என்று தயங்கியிருக்கும். விதி இயந்திரத்துக்குப் போகும்போது அது ஆம் அல்லது இல்லை. தயக்கத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்றால், இரண்டு தயக்கத்தை எப்படிச் சேர்ப்பது, அவை ஒன்றையொன்று சார்ந்தவையா என்று 0.6, 0.4 கணக்குக்கே திரும்பி வந்து நிற்கிறோம்.

இன்னும் நுட்பமான கோளாறு ஒன்று, மாடலையும் விதியையும் சேர்த்தே பயிற்றுவிக்கும்போது வரும். தானே ஓடுகிற காருக்கு 'சிவப்பு விளக்கு அல்லது குறுக்கே ஆள் என்றால் நில்' என்பது விதி. மாடல் படத்தைப் பார்த்து விளக்கா ஆளா என்று சொல்ல வேண்டும், ஆனால் பயிற்சியில் நின்றதா இல்லையா என்பதை மட்டும்தான் திருத்துகிறோம். மாடல் ஆளைப் பார்த்து 'சிவப்பு விளக்கு' என்று கற்றுக்கொண்டாலும் ஒவ்வொரு முறையும் சரியாக நின்றுவிடும். நூற்றுக்கு நூறு. அப்புறம் ஆம்புலன்ஸ் ஒன்றுக்கு 'அவசரம் என்றால் சிவப்பு விளக்கைத் தாண்டலாம்' என்று இன்னொரு நியாயமான விதியைச் சேர்க்கிறோம். குறுக்கே ஆள் நிற்கிறார். மாடல் அவரைச் 'சிவப்பு விளக்கு' என்கிறது, வண்டி நிற்காமல் போகும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, விடையை விட்டுவிட்டு நடுவில் மாடல் என்ன பெயர் சொல்கிறது என்று சில நூறு படங்களில் மனிதர் உட்கார்ந்து சரிபார்ப்பது. சலிப்பான வேலை என்பதால் அதைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள்.

எங்கள் மென்பொருளில் இப்போதைக்கு மாடல் குறிப்பைப் படித்து முன்மொழியும், செவிலியர் ஒரு சொடுக்கில் ஒப்புக்கொண்ட பிறகுதான் விதிகள் ஓடும். பெருமைப்பட ஒன்றுமில்லை, சொடுக்கிச் சொடுக்கி அவர்களுக்கு அது பழக்கமாகிவிடும் அபாயம் தெரிந்தேதான் செய்திருக்கிறோம். மருந்து எச்சரிக்கைகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அவற்றில் 49% முதல் 96% வரை மருத்துவர்களால் தள்ளிவிடப்படுவதாக 2006இலேயே எழுதியிருக்கிறார்கள்.

நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது ஒன்று மட்டும். விதிகள் இருக்கிற அட்டவணையில் 'காரணம்' என்று ஒரு கட்டம். எட்டு வயது விதிக்கு எதிரே கால்சியம், பல், எவ்வளவு நாள், எப்போது மீறலாம் என்று எங்கள் குழந்தை மருத்துவர் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். எச்சரிக்கை வரும்போது அதுவும் கூடவே திரையில் வருகிறது. மற்ற விதிகளுக்கும் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வருகிறோம். ஒரு விதி மட்டும் மாட்டிக்கொண்டது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒரு மருந்தின் அளவைப் பாதியாக்கச் சொல்கிற விதி, அதில் வருகிற எண் எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப்போகவில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருடக்கணக்காகிறது, அவருடைய போன் நம்பரும் மாறிவிட்டது. மருத்துவர்கள் தப்பென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. யாரும் அழிக்கத் துணியவில்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, விதி ஓடிக்கொண்டிருக்கிறது.